பங்கை எந்தத் தேதியில் விற்கிறோம்: குறுகிய கால லாபமும் நீண்ட கால லாபமும்

ஒரே பங்கு, ஒரே விலை, ஒரே எண்ணிக்கை. செவ்வாய்க்கிழமை விற்றால் 58,240 ரூபாய் வரி. அடுத்த திங்கட்கிழமை விற்றால் 22,490 ரூபாய் வரி. நடுவில் மாறியது தேதி மட்டும்தான். இந்த வித்தியாசம் எப்படி வருகிறது, எந்த நாளில் இருந்து வருகிறது, எந்தப் பங்குக்கு வரும், எதற்கு வராது என்பதைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

எல்லாச் சொத்துகளையும் ஒன்றாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே புதிதாக முதலீடு செய்பவர்கள் அதிகம் கையாளும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகள். மற்றொன்று, ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட், அதாவது பணத்தில் குறைந்தது 65 சதவீதத்தை இந்திய நிறுவனப் பங்குகளில் போடும் ஃபண்ட். இரண்டுக்கும் விதி ஒன்றுதான். கணக்குகள் 2025-26 நிதியாண்டில் இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதால், அதன்பின் பிரிவு எண்கள் வேறாக இருக்கும்.

முதலில் விதி

வாங்கிய பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வரும் லாபம் நீண்ட கால மூலதன ஆதாயம். 12 மாதமோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்தால் அது குறுகிய கால மூலதன ஆதாயம்.

குறுகிய கால லாபத்துக்கு முழுத் தொகைக்கும் 20 சதவீதம் வரி. நீண்ட கால லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை, அதற்கு மேல் உள்ளதற்கு 12.5 சதவீதம். இரண்டிலும் வரித்தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் உண்டு. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன்பு 15 சதவீதம், 10 சதவீதம், 1 லட்சம் ரூபாய் விலக்கு என்று இருந்தது. பழைய கட்டுரைகளையும் காணொளிகளையும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் வாங்கி மாலையில் விற்பதும், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகமும் பொதுவாகத் தொழில் வருமானக் கணக்கில் சேர்கின்றன. அவற்றுக்கு இந்தக் குறுகிய காலம், நீண்ட காலம் என்ற பிரிவே பொருந்தாது. டெலிவரி எடுத்து, டீமேட் கணக்கில் முதலீடாக வைத்திருந்து விற்ற பங்குகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

12 மாதம் என்றால் எந்த நாள் வரை?

சட்டம் சொல்வது, விற்ற தேதிக்கு உடனே முந்தைய 12 மாதம். விற்ற நாளை விட்டுவிட்டு, அதற்கு முந்தின நாள் வரைதான் எண்ண வேண்டும். 2024 ஜூன் 14 அன்று வாங்கினால், 2025 ஜூன் 13 முடியும்போது சரியாக 12 மாதம் முடிகிறது. ஜூன் 14 அன்று விற்றால் வைத்திருந்தது சரியாக 12 மாதம்தான், அதற்கு மேல் இல்லை. ஆகவே அது குறுகிய காலமே. ஜூன் 15 முதல்தான் நீண்ட காலம். 2025-இல் ஜூன் 14 சனிக்கிழமை, 15 ஞாயிறு. எனவே சந்தையில் விற்கக்கூடிய முதல் நாள் ஜூன் 16, திங்கட்கிழமை.

"போன வருடம் இதே தேதியில் வாங்கினேன், இன்றைக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது" என்று அதே தேதியில் விற்கிறவர்கள் ஒரு நாளில் கோட்டை விடுகிறார்கள். ஒரு நாளைக் கூட்டியே காத்திருங்கள். இன்னும் இரண்டு நாள் கூடினாலும் தவறில்லை.

எந்தத் தேதியை வாங்கிய தேதி என்று எடுப்பது? பங்கு டீமேட் கணக்குக்கு வந்து சேர்ந்த நாளை அல்ல, புரோக்கர் தரும் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள பரிவர்த்தனை நாளை. விற்பதற்கும் அதே ஆவணம்தான், அதே நாள்தான். மியூச்சுவல் ஃபண்டில் பணம் வங்கியில் கழிந்த நாள் ஒன்றாகவும் யூனிட் ஒதுக்கப்பட்ட நாள் வேறாகவும் இருக்கலாம். அங்கே யூனிட் ஒதுக்கப்பட்ட நாளைத்தான் பிடிக்க வேண்டும். புதிய பங்கு வெளியீட்டில் கிடைத்த பங்குக்கு, விண்ணப்பித்த நாள் இல்லை, ஒதுக்கீடு ஆன நாள்.

ஒவ்வொரு பங்குக்கும் தனிக் கடிகாரம்

புதியவர்கள் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான். கடிகாரம் உங்கள் கணக்குக்கோ நிறுவனத்தின் பெயருக்கோ ஓடுவதில்லை. நீங்கள் வாங்கிய ஒவ்வொரு பங்குக்கும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியாக ஓடுகிறது. ஒரே நிறுவனத்தின் பங்கை நான்கு முறை வாங்கியிருந்தால் நான்கு கடிகாரம்.

அப்படியானால் பாதியை மட்டும் விற்கும்போது எந்தப் பங்கு போனதாகக் கொள்வது? டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்கே முதலில் போனதாகக் கணக்கு. "நான் புதிதாக வாங்கியதைத்தான் விற்றேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளிலும் இதே வரிசைதான். ஆனால் இந்த வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனியாகப் பார்க்கப்படுகிறது. நீண்ட காலத்துக்கு வைத்திருக்க நினைப்பவற்றை ஒரு கணக்கிலும், அடிக்கடி வாங்கி விற்பவற்றை வேறொரு கணக்கிலும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் வந்தது. ஒரே நிறுவனத்தின் பங்கு இரண்டிலும் இருந்தால், எதிலிருந்து விற்பது என்ற தேர்வு உங்கள் கையில் இருக்கும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

ஒருவர் 2024 ஜூன் 14 அன்று ஒரு நிறுவனத்தின் 500 பங்குகளை 400 ரூபாய் வீதம் வாங்குகிறார். 2025 பிப்ரவரி 20 அன்று அதே நிறுவனத்தின் 300 பங்குகளை 600 ரூபாய் வீதம் வாங்குகிறார். 2025 ஜூனில் விலை 900. அவருக்கு 600 பங்குகளை விற்க வேண்டும். அந்த ஆண்டில் வேறு பங்கு லாபமோ நஷ்டமோ இல்லை, சம்பள வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்கு மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புரோக்கர் கட்டணத்தைக் கணக்கு எளிதாக இருக்க விட்டுவிடுகிறோம்.

முதலில் வரிசையைப் பிரிக்க வேண்டும். விற்ற 600-இல் முதல் 500, 2024 ஜூனில் வாங்கியவை. மீதி 100 பிப்ரவரியில் வாங்கியவை. முதல் கட்டில் ஒரு பங்குக்கு 500 ரூபாய் லாபம், மொத்தம் 2,50,000. இரண்டாவது கட்டில் ஒரு பங்குக்கு 300 ரூபாய், மொத்தம் 30,000. சராசரி விலை போட்டுக் கணக்கிடுவது இங்கே செல்லாது. புரோக்கர் செயலியில் பங்குக்கு நேரே காட்டும் சராசரி விலை உங்கள் பார்வைக்கானது, வரிக்கானது இல்லை.

ஜூன் 10, செவ்வாய் அன்று விற்றால் இரண்டு கட்டுமே குறுகிய காலம். 2,80,000-க்கு 20 சதவீதம் 56,000. செஸ் 2,240. மொத்தம் 58,240 ரூபாய்.

ஜூன் 16, திங்கள் அன்று அதே விலைக்கு விற்றால் முதல் கட்டு நீண்ட காலமாகிவிடுகிறது. 2,50,000-இல் 1,25,000 கழித்தால் மிச்சம் 1,25,000. அதற்கு 12.5 சதவீதம் 15,625. இரண்டாவது கட்டு இன்னும் குறுகிய காலமே, 30,000-க்கு 20 சதவீதம் 6,000. இரண்டும் சேர்த்து 21,625, செஸ் 865. மொத்தம் 22,490 ரூபாய். மிச்சம் 35,750.

இந்த 35,750-இல் எவ்வளவு விகிதக் குறைவால் வந்தது, எவ்வளவு விலக்கால் வந்தது என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் கட்டின் லாபத்துக்கு 20-க்குப் பதில் 12.5 என்பதால் மட்டும் குறைந்தது 18,750. 1,25,000 ரூபாய் விலக்கால் குறைந்தது 15,625. (மீதி, செஸ்ஸில் குறைந்தது.) லாபம் சிறிதாக இருந்தால் விலக்கே எல்லாவற்றையும் செய்துவிடும். ஆண்டுக்கு ஒரு லட்சம் லாபம் பார்ப்பவருக்கு வித்தியாசம் 20 சதவீதத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையில். ஐம்பது லட்சம் லாபம் பார்ப்பவருக்கு அது ஏறக்குறைய ஏழரை சதவீதம்தான். காத்திருப்பதன் பலன், லாபத்தோடு ஒப்பிட்டால், சிறு முதலீட்டாளருக்கே கூடுதல்.

இனி, காத்திருக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி. அந்த ஆறு நாளில் விலை இறங்கினால்? ஜூன் 10 அன்று 900-க்கு விற்றால் வரி போகக் கையில் நிற்பது 4,81,760. ஜூன் 16 அன்று விலை 830 ஆக இறங்கியிருந்தால், விற்றுக் கிடைப்பது 4,98,000, வரி 16,484, கையில் 4,81,516. ஏறக்குறைய அதே தொகை. அதாவது விலை 70 ரூபாய் வரை, ஏறத்தாழ எட்டு சதவீதம் இறங்கினாலும் காத்திருந்தது நஷ்டமில்லை. ஆறு நாளுக்கு இது நல்ல இடைவெளி. ஆனால் இதே கணக்கை ஐந்து மாதம் மீதமிருக்கும் பங்குக்குப் போட்டால் அந்த எட்டு சதவீதம் பெரிய பாதுகாப்பாக இருக்காது. நிறுவனத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றால் வரிக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது சரியில்லை. வாரக்கணக்கு என்றால் பெரும்பாலும் பொறுத்திருக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. விலக்கு நிதியாண்டுக்கு ஒரு முறை வருவதால், அந்த 500 பங்கில் 250-ஐ மார்ச் மாதத்திலும் 250-ஐ ஏப்ரல் தொடக்கத்திலும் விற்றால், விலை 900 ஆகவே இருக்கும்பட்சத்தில், இரண்டு ஆண்டிலும் லாபம் 1,25,000-க்குள் அடங்கிவிடும். வரி பூஜ்யம். மார்ச் கடைசியில் பெரிய லாபத்தோடு விற்க நினைக்கிறவர்கள் இதை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

காலத்தை வைத்து ஏன் வரி மாற வேண்டும்?

விதியை மனப்பாடம் செய்வதைவிடக் காரணம் தெரிந்தால் எந்தச் சொத்துக்கும் பொருத்திப் பார்க்க முடியும்.

முதல் காரணம் பணவீக்கம். பத்து வருடம் முன்பு போட்ட ரூபாயும் இன்று கிடைக்கும் ரூபாயும் ஒன்றில்லை. அரசே ஆண்டுதோறும் விலையேற்றக் குறியீட்டு எண் ஒன்றை வெளியிடுகிறது. 2014-15-க்கு அது 240, 2024-25-க்கு 363. அதன்படி 2014-15-இல் போட்ட 1,00,000 ரூபாய்க்குச் சமமான தொகை பத்து வருடம் கழித்து 1,51,250. அந்தச் சொத்தை 1,60,000-க்கு விற்றால் காகிதத்தில் லாபம் 60,000. வாங்கும் சக்தியில் உண்மையான லாபம் 8,750 மட்டுமே. 60,000-க்கு 20 சதவீதம் போட்டால் வரி 12,000, உண்மை லாபத்தைவிட அதிகம். 12.5 சதவீதம் போட்டால் 7,500. குறுகிய காலத்தில் இந்தத் தேய்மானம் சிறிது, ஆகவே முழு லாபத்துக்கும் கூடிய விகிதம் போட்டாலும் பெரிதாகச் சுடாது. முன்பு பல சொத்துகளுக்கு இந்தக் குறியீட்டைக் கொண்டு வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட அனுமதி இருந்தது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு அது பெரும்பாலும் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் குறைந்த விகிதம் வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும் தனிநபர்கள் இரண்டு முறையிலும் கணக்கிட்டு, குறைவான வரியைக் கட்டலாம்.

இரண்டாவது, பல வருட வளர்ச்சி ஒரே ஆண்டில் வந்து விழுவது. சம்பளம் ஆண்டுதோறும் பிரிந்து வருகிறது. பங்கின் வளர்ச்சியோ விற்கும் நாளில்தான் லாபமாகக் கணக்கில் ஏறுகிறது. அதைச் சம்பளத்தோடு சேர்த்து ஸ்லாப் விகிதத்தில் போட்டால், சாதாரண வருமானக்காரரும் அந்த ஓர் ஆண்டில் மட்டும் உச்ச விகிதத்துக்குப் போய்விடுவார்.

மூன்றாவது, விற்றால்தான் வரி என்பதால் வரி கூடினால் விற்காமலே இருந்துவிடுவார்கள். பணம் பழைய இடத்திலேயே முடங்கிப்போகும். நீண்ட கால விகிதத்தைக் குறைவாக வைப்பது, விற்றுவிட்டு வேறு நல்ல இடத்துக்குப் போவதைக் கொஞ்சம் எளிதாக்குகிறது.

இந்தக் காரணங்களில் எதுவும் சரியாக 12 மாதம் என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது அரசு போட்ட கோடு, அரசு மாற்றவும் செய்கிறது. 2004 அக்டோபர் 1 முதல் 2018 மார்ச் 31 வரை பட்டியலிட்ட பங்கின் நீண்ட கால லாபத்துக்கு, பரிவர்த்தனை வரி கட்டியிருந்தால், வருமான வரியே இல்லை. இப்போது பட்டியலிட்ட பங்குக்கு 12 மாதம், நிலம், வீடு, பட்டியலிடாத பங்குக்கு 24 மாதம். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளுக்கு எத்தனை வருடம் வைத்திருந்தாலும் நீண்ட காலம் என்பதே கிடையாது, லாபம் ஸ்லாப் விகிதத்தில்தான் போகும். ஆகவே எதை விற்றாலும், விற்கும் நாளில் அந்தச் சொத்துக்கு உள்ள கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.ஐ.பி.யில் எல்லாரும் தடுக்கி விழும் கல்

மாதாமாதம் முதலீடு செய்கிறவர் "ஒன்றேகால் வருடமாகப் போடுகிறேன், எல்லாம் நீண்ட காலம்தான்" என்று மொத்தமாக எடுத்துவிடுகிறார். 2024 ஏப்ரல் 5 முதல் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி யூனிட் ஒதுக்கப்பட்டது என்று கொள்வோம். 2025 ஜூன் 20 அன்று எடுத்தால் மொத்தம் 15 தவணை. அதில் 12 மாதம் தாண்டியவை 2024 ஏப்ரல், மே, ஜூன் என்ற மூன்று மட்டும். மீதி 12 தவணையின் லாபமும் குறுகிய காலக் கணக்கில் 20 சதவீதத்துக்குப் போகும். நடந்துகொண்டிருக்கும் எந்த மாத எஸ்.ஐ.பி.யிலும், எத்தனை வருடம் ஓடியிருந்தாலும், கடைசி 12 தவணை குறுகிய காலம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முழுதாக எடுக்கத் தேவையில்லை என்றால் பழைய யூனிட்டுகள் அளவுக்கு மட்டும் எடுங்கள். வரிசைப்படி பழையவைதான் முதலில் போகும் என்ற விதி இங்கே உங்களுக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, ஒரே ஃபண்டில் ரெகுலர் திட்டத்திலிருந்து டைரக்ட் திட்டத்துக்கு மாறுவது. கையில் பணமே வராததால் அதை விற்பனை என்று யாரும் நினைப்பதில்லை. சட்டப்படி அது பழைய யூனிட்டை விற்று, புதிய யூனிட்டை வாங்குவது. அன்றே லாபக் கணக்கு எழும், புதிய யூனிட்டுக்குக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கடிகாரம் எங்கே பழையது, எங்கே புதியது

போனஸ் பங்குக்கு ஒதுக்கிய நாளிலிருந்து புதுக் கடிகாரம். அதன் வாங்கிய விலையும் பூஜ்யம். ஆகவே போனஸ் வந்த ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் விற்றால், போனஸ் பங்கின் முழு விற்பனைத் தொகையும் குறுகிய கால லாபமாகிவிடும். பங்கைச் சிறு முகமதிப்பாகப் பிரிப்பது வேறு. அங்கே பழைய பங்கின் தேதியே தொடரும், விலை மட்டும் பங்கிட்டுக்கொள்ளப்படும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

அப்பா, அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த பங்குக்கும், அன்பளிப்பாகக் கிடைத்த பங்குக்கும் முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலம் சேர்ந்தே எண்ணப்படும். அவர் 2020-இல் வாங்கியதை நீங்கள் பெற்ற அடுத்த வாரமே விற்றாலும் அது நீண்ட காலம்தான். வாங்கிய விலையும் அவருடையதே. ஒரு டீமேட் கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு டீமேட் கணக்குக்கு மாற்றுவது விற்பனையே இல்லை, பழைய தேதி அப்படியே இருக்கும். ஆனால் புதிய புரோக்கரின் அறிக்கை, மாற்றிய தேதியையே வாங்கிய தேதியாகவோ, விலையைப் பூஜ்யமாகவோ காட்டக்கூடும். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. லாப அறிக்கையில் உள்ள வாங்கிய தேதிகளைப் பழைய கான்ட்ராக்ட் நோட்டோடு ஒப்பிடுங்கள். பல புரோக்கர் செயலிகளில் நீங்களே திருத்தலாம். ஆகவே கான்ட்ராக்ட் நோட்டுகளை, கணக்கை மூடினாலும், சேமித்து வையுங்கள்.

2018 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்போ வாங்கிய பங்கு இருந்தால் விலையில் ஒரு சலுகை உண்டு. அந்த நாளின் சந்தை உச்ச விலை, இப்போது விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடுத்து, அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, கூடியதை வாங்கிய விலையாகக் கொள்ளலாம்.

நஷ்டத்தில் கடிகாரம் திரும்பி ஓடும்

லாபத்தில் இருக்கும் பங்கை 12 மாதம் தாண்டவிட்டு விற்பது நல்லது. நஷ்டத்தில் இருக்கும் பங்குக்கு இது அப்படியே எதிர். குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய கால லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தையோ நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். எப்படியும் விற்கப்போகிற நஷ்டப் பங்கு பதினோராவது மாதத்தில் இருந்தால், 12 மாதம் தாண்டும் முன்பே விற்பது அந்த நஷ்டத்தைக் கூடுதல் பயனுள்ளதாக்கும். 40,000 ரூபாய் நஷ்டம் குறுகிய கால லாபத்தில் கழிந்தால் 8,000 ரூபாய் வரி குறையும். அதையே பதின்மூன்றாவது மாதத்தில் விற்று, உங்கள் நீண்ட கால லாபமோ 1,25,000-க்குள்ளேயே இருந்தால், அந்த ஆண்டு ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இரண்டு நஷ்டத்தையும் அடுத்த 8 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நஷ்டம் ஏற்பட்ட ஆண்டின் வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும்.

வரிக் கணக்கில் எங்கே எழுதுவது

நிதியாண்டு முடிந்ததும் புரோக்கரிடமிருந்தும், மியூச்சுவல் ஃபண்ட் பதிவாளரிடமிருந்தும் மூலதன ஆதாய அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, விற்பனைத் தொகைகள் இரண்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். விற்பனைத் தொகை பெரும்பாலும் ஒத்துப்போகும். வாங்கிய விலையில்தான் பிசகு வரும், குறிப்பாகப் போனஸ், பரம்பரை, கணக்கு மாற்றிய பங்குகளில். தளம் காட்டுகிறது என்பதற்காகத் தவறான விலையை அப்படியே ஏற்க வேண்டாம். ஆதாரம் இருந்தால் உங்கள் விலையை எழுதலாம்.

குறுகிய கால லாபம் ஒரு ரூபாய் இருந்தாலும், தொழில் வருமானம் இல்லாத தனிநபருக்கு ஐ.டி.ஆர்.-2 படிவம் வேண்டும். பட்டியலிட்ட பங்கு, ஈக்விட்டி ஃபண்டில் நீண்ட கால லாபம் மட்டும், அதுவும் 1,25,000-க்குள் இருந்து, கொண்டுபோகும் நஷ்டம் எதுவும் இல்லை என்றால் எளிய ஐ.டி.ஆர்.-1 போதும். ஐ.டி.ஆர்.-2-இல் நீண்ட கால விவரங்கள் Schedule 112A என்ற பகுதியில் போகும். 2018 ஜனவரி 31-க்குப் பிறகு வாங்கியவற்றை மொத்தமாகவும், அதற்கு முன்பு வாங்கியவற்றைப் பங்கு வாரியாகவும் எழுத வேண்டும். புரோக்கர் கட்டணத்தைச் செலவாகக் கழிக்கலாம். பங்குப் பரிவர்த்தனை வரியைக் கழிக்கக் கூடாது.

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற செய்தியை நம்பிப் பங்கு லாபத்தையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். அந்தத் தள்ளுபடி இந்தத் தனி விகித லாபங்களுக்குப் பொருந்தாது. சம்பளத்துக்கு வரி பூஜ்யமானாலும் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம் கட்டத்தான் வேண்டும். ஆனால் வேறு வருமானம் குறைந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம். ஓய்வுபெற்ற ஒருவருக்கு வட்டி வருமானம் 2,50,000, குறுகிய காலப் பங்கு லாபம் 2,00,000 என்றால், மிச்சமுள்ள 1,50,000 விலக்கை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதி 50,000-க்கு 10,000 ரூபாய், செஸ் 400. இது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

கடைசியாக, வரி எப்போது கட்டுவது. ஆண்டுக்கான மொத்த வரியில் பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ மிஞ்சினால் முன்கூட்டியே கட்ட வேண்டும். தவணை நாட்கள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. லாபம் எப்போது வரும் என்று முன்பே தெரியாது என்பதால், விற்ற பிறகு மிஞ்சியிருக்கும் தவணைகளில் கட்டினால் தவணைத் தாமத வட்டி இல்லை. மேலே பார்த்தவர் ஜூன் 16 அன்று விற்றிருப்பதால் செப்டம்பர் 15 தவணையிலிருந்து கட்டத் தொடங்க வேண்டும். மார்ச் 15-க்குப் பிறகு விற்றால் மார்ச் 31-க்குள் முழுதும் கட்டிவிட வேண்டும். 60 வயதைத் தாண்டி, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது. அவர்கள் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும்.